கிடைக்காத விலைக்குப் பூஜ்யம் போடலாமா?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் காலைக் கணக்கு ஒரு பெருக்கலில் முடிந்துவிடும். விவசாயி கொண்டுவந்த பூவின் எடையை அன்றைய விலையால் பெருக்கி, கமிஷனைக் கழித்தால் அவர் கைக்குப் போகவேண்டிய பணம் வந்துவிடும். எடையை ஒருமுறை போட்டால் போதும். விலை அப்படியல்ல. மார்கழி, தை மாதங்களில் பனி விழுந்து வரத்து குறைந்தால் மல்லி கிலோ ஆயிரங்களைத் தாண்டும். கோடையில் செடி பூத்துக் குலுங்கும்போது அதே மல்லி மலிந்துவிடும். நடுவில் ஒரு முகூர்த்த நாள் வந்தால் மறுபடி ஏறும். அதனால் கமிஷன் கடைகளில் விலைப்பட்டியலைத் தினமும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கைக் கணினியில் எக்செல், லிப்ரே ஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் எதில் போட்டாலும் அமைப்பு ஒன்றுதான். ‘வரவு’ என்று ஒரு தாள், ‘விலை’ என்று ஒரு தாள். வரவுத் தாளில் பூவின் பெயரை அடித்ததும், VLOOKUP விலைத் தாளுக்குப் போய் அந்தப் பெயரைத் தேடிப் பக்கத்துக் கட்டத்தில் உள்ள விலையை எடுத்துவரும். பெயர் கிடைக்காவிட்டால் #N/A என்று காட்டும். அந்த ஒரு வரியால் மொத்தக் கூட்டும் #N/A ஆகிவிடும். விவசாயிக்குக் கொடுக்கும் சிட்டையிலும் அதுவே அச்சாகும். அவருக்கு அது புரியாது. கல்லாவில் இருப்பவருக்கோ நேரமில்லை. அதை எடுத்துவிட்டுப் படித்தால் புரிகிற ஒரு சொல்லை வைக்கவேண்டும் என்ற எண்ணம் முழுக்க நியாயமானது. ஆனால் எதை எடுத்துவிட்டு எதை வைக்கிறோம் என்பதில்தான் விவசாயியின் பணம் இருக்கிறது.

ஆறு வரி, மூன்று பூஜ்யம்

ஒரு கடையின் ஒரு காலை வரவை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. மல்லி 12 கிலோ, பிச்சி 5 கிலோ, இன்னொருவருடைய மல்லி 8 கிலோ, சம்பங்கி 20 கிலோ, கனகாம்பரம் 2 கிலோ, மரிக்கொழுந்து 10 கிலோ. விலைத் தாளில் மல்லி 800, பிச்சி 500, சம்பங்கி 100. கனகாம்பரத்தின் பெயர் இருக்கிறது. விலை இன்னும் முடிவாகாததால் கட்டம் காலி. மரிக்கொழுந்தை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்றாவது வரியின் மல்லியை அடித்தவர் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளியையும் சேர்த்து அடித்துவிட்டார்.

பல கோப்புகளில் விலைக் கட்டத்தில் இருப்பது இந்தச் சூத்திரம்தான்:

```
=IFERROR(VLOOKUP(B2,'விலை'!$A$2:$B$40,2,FALSE),0)
```

மூன்றாவது வரியில் விலை பூஜ்யம். ஐந்தாவதிலும் பூஜ்யம். ஆறாவதிலும் பூஜ்யம். கூட்டுத்தொகை 14,100 ரூபாய். எங்கும் பிழை தெரியவில்லை, தாள் சுத்தமாக இருக்கிறது. உண்மையில் மூன்றாவது வரிக்கு மட்டும் 6,400 ரூபாய் வரவேண்டும். கனகாம்பரம் 600-க்கும் மரிக்கொழுந்து 80-க்கும் பிறகு முடிவாயின என்றால் இன்னும் 2,000. சரியான தொகை 22,500. விடுபட்டது 8,400 ரூபாய். அதில் முக்கால் பங்கு ஒரே ஒரு இடைவெளியால் போனது.

இந்த மூன்று பூஜ்யங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மூன்றுக்கும் காரணம் வேறு, திருத்தவேண்டிய ஆளும் வேறு. இடைவெளியைத் திருத்தவேண்டியவர் அடித்தவர். கனகாம்பரத்துக்கு விலை சொல்லவேண்டியவர் முதலாளி. மரிக்கொழுந்தைப் பட்டியலில் சேர்க்கவேண்டியவர் கோப்பைப் பராமரிப்பவர். மூன்றையும் ஒரே பூஜ்யத்தில் அடக்கியதால் மூவரில் ஒருவருக்கும் தன் வேலை மிச்சமிருப்பது தெரியாமல் போயிற்று. பிழையை மாற்றிச் சொல்லும் எந்த வாசகத்தையும் இந்த ஒரு கேள்வியால்தான் அளக்கவேண்டும்: படித்தவுடன் யார் என்ன செய்யவேண்டும் என்று தெரிகிறதா?

ஐந்தாவது வரியில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அங்கே பூஜ்யம் போட்டது IFERROR அல்ல. கனகாம்பரம் பட்டியலில் கிடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. எக்செலில் காலிக் கட்டத்தை VLOOKUP பூஜ்யமாகத்தான் கொண்டுவரும். அதாவது IFERROR-ஐ முழுக்க எடுத்துவிட்டாலும் இந்தத் தவறு வெளியே வராது. #N/A-வை என்ன செய்வது என்று மட்டும் யோசிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மூடும் கருவிகள் வளர்ந்த கதை

எக்செலில் 2007-க்கு முன்பு பிழையை மறைக்க வேண்டுமானால் IF-க்குள் ISERROR வைத்து, ஒரே VLOOKUP-ஐ இரண்டு முறை எழுதவேண்டும். 2007-இல் IFERROR வந்ததும் வேலை சுலபமாயிற்று. ஆனால் அது எந்தப் பிழையையும் வேறுபாடு பார்க்காமல் பிடித்துக்கொள்கிறது. தேடியது கிடைக்கவில்லை என்றால் #N/A. விலைத் தாளை யாரோ நீக்கிவிட்டால் #REF!. செயல்பாட்டின் பெயரைத் தப்பாக அடித்தால் #NAME?. எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து வந்து பெருக்கல் நின்றால் #VALUE!. முதலாவது, பட்டியலில் ஒரு பெயர் இல்லாத அன்றாட நிலைமை. மற்றவை கோப்பே உடைந்திருக்கிறது என்பதன் அறிகுறிகள். விலைத் தாள் அழிந்த நாளில் IFERROR எல்லா வரிக்கும் பூஜ்யம் காட்டும். பூஜ்யத்துக்குப் பதில் “விலை இல்லை” என்று எழுதியிருந்தால் எல்லா வரியிலும் அது வரும். பார்ப்பவர் இன்னும் விலை எழுதவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார்.

2013-இல் வந்த IFNA #N/A-வை மட்டும் பிடித்து மற்றவற்றை வெளியே விட்டது. இது பெரிய முன்னேற்றம். இருந்தும் ஒரு ஓட்டை உண்டு. பெயர் பட்டியலில் இருந்து, அதன் விலைக் கட்டமே வேறொரு தேடலின் முடிவாக #N/A காட்டிக்கொண்டிருந்தால், VLOOKUP அதை அப்படியே எடுத்துவரும். IFNA அதையும் “பட்டியலில் இல்லை” என்று மாற்றிவிடும். பட்டியலில் பெயர் இருக்கிறது, சொல்லப்பட்டது பொய்.

2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட XLOOKUP இதைச் சரிசெய்கிறது. கிடைக்காவிட்டால் என்ன காட்டவேண்டும் என்று சொல்ல அதற்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது:

```
=XLOOKUP(B2,'விலை'!$A:$A,'விலை'!$B:$B,"பட்டியலில் இல்லை")
```

இந்த வாசகம் பெயர் உண்மையாகவே கிடைக்காதபோது மட்டும் வரும். பெயர் கிடைத்து விலைக் கட்டத்தில் பிழை இருந்தால் அந்தப் பிழை மறையாமல் வெளியே தெரியும். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸின் 24.8 பதிப்பு முதலும் இது உண்டு. பழைய எக்செலை வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது. காலிக் கட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டுவரும் குணமும் இதற்கு இருக்கிறது.

வாசகம் எண்ணின் கட்டத்தில் உட்காரக்கூடாது

பூஜ்யத்துக்குப் பதிலாகச் சொல் வைத்தால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விலைக் கட்டத்தில் “பட்டியலில் இல்லை” என்று வந்தால் அதை எடையால் பெருக்கும்போது தொகைக் கட்டத்தில் #VALUE! வரும். அது அசிங்கமாக இருக்கிறது என்று தொகையையும் ஒருவர் IFERROR-ஆல் மூடி அங்கேயும் ஒரு சொல்லை வைப்பார். அப்போதுதான் சிக்கல் முற்றுகிறது. SUM எழுத்தைக் கண்டால் நின்று கேட்காது, தாண்டிப் போய்விடும். ஆறு வரியில் மூன்றுக்குத் தொகை இருந்தால் மூன்றை மட்டும் கூட்டி, எல்லாம் முடிந்ததுபோல ஒரு எண்ணைத் தரும். சராசரி எடுத்தால் இன்னொரு விதமாகக் கெடும்: பூஜ்யம் வைத்திருந்தால் அது சராசரியைக் கீழே இழுக்கும், சொல் வைத்திருந்தால் அந்த வரி கணக்கிலேயே வராது.

#N/A கூட்டுத்தொகை வரை பரவுவது தொந்தரவாகத் தெரிந்தாலும், கணக்கு முடியவில்லை என்பதைக் கடைசிக் கட்டம் வரை கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பரவல்தான். அதை நிறுத்தினால், முடியவில்லை என்ற செய்தியைச் சொல்ல வேறொரு வழியை நாமே வைத்தாகவேண்டும். எனவே எண்ணுக்கு ஒரு கட்டமும் வாசகத்துக்கு ஒரு கட்டமும் தனித்தனியாக இருக்கட்டும். வரவுத் தாளில் எடை C, விலை D, தொகை E என்றால், F-இல் ‘நிலை’ என்று ஒரு பத்தியைச் சேர்க்கலாம்:

```
=IF(ISNA(MATCH(B2,'விலை'!$A:$A,0)),
  IF(ISNUMBER(MATCH(TRIM(B2),'விலை'!$A:$A,0)),
    "பெயரில் இடைவெளி","பட்டியலில் இல்லை"),
  IF(INDEX('விலை'!$B:$B,MATCH(B2,'விலை'!$A:$A,0))="",
    "விலை எழுதவில்லை","கிடைத்தது"))
```

இதைத் தமிழில் படித்தால் நேரானது. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் முன்பின் இடைவெளியை நீக்கிவிட்டு மறுபடி பார். அப்போது கிடைத்தால் குற்றம் அடித்ததில். அப்போதும் கிடைக்காவிட்டால் பட்டியலில் இல்லை. பெயர் முதலிலேயே கிடைத்தால் விலைக் கட்டம் காலியா என்று பார். நம் ஆறு வரியில் மூன்றாவதற்கு “பெயரில் இடைவெளி”, ஐந்தாவதற்கு “விலை எழுதவில்லை”, ஆறாவதற்கு “பட்டியலில் இல்லை” என்று வரும். மூன்று பேருக்கும் அவரவர் வேலை தெரிந்துவிட்டது.

கடைசிச் சொல்லை “சரி” என்று வைக்காமல் “கிடைத்தது” என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தச் சூத்திரம் சோதித்தது பெயர் கிடைத்ததா, பக்கத்துக் கட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டுமே. விலைக் கட்டத்தில் “800 ரூ” என்று எழுத்தோடு அடித்திருந்தால் தொகையில் #VALUE! வரும், வரட்டும். சோதிக்காத ஒன்றை வாசகம் உறுதி சொல்லக்கூடாது.

தொகைக் கட்டமும் மொத்தமும் நிலையைப் பார்த்து நடக்கவேண்டும்:

```
E2:  =IF(F2="கிடைத்தது",C2*D2,NA())

மொத்தம்:
=IF(COUNTIF(F2:F7,"கிடைத்தது")=ROWS(F2:F7),
  SUM(E2:E7),"தீராத வரி உள்ளது")
```

D-இல் மேலே எதுவும் மூடாத, முழுப் பத்தியையும் தேடும் வெறும் VLOOKUP போதும். தீராத வரி ஒன்று இருந்தாலும் மொத்தம் எண்ணாக வராது. முடிந்தவரைக்குமான தொகை வேண்டுமென்றால் `=SUMIF(F2:F7,"கிடைத்தது",E2:E7)` என்று பக்கத்தில் தனியாக எடுத்து, “ஆறில் மூன்று வரி மட்டும்” என்று எத்தனை வரிக்கான தொகை அது என்பதையும் சேர்த்துக் காட்டலாம். விவசாயியின் சிட்டையில் F-ஐ அச்சிட்டு, E தீராமல் இருந்தால் வெற்றிடம் விடலாம். காகிதத்தில் #N/A இருக்காது. கணக்குத் தாளில் அது அழியாது.

“பதிவு இல்லை” என்ற சொல் பொய்யாகும் இடங்கள்

வாசகம் ஒரு கூற்று. அது பொய்யானால் வெறும் #N/A-வைவிட அதிகக் கெடுதல் செய்யும். #N/A-வைக் கண்டவர் கணினியில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுவார். “பதிவு இல்லை” என்பதைக் கண்டவர் எதிரே நிற்கும் விவசாயியைச் சந்தேகப்படுவார்.

பூவை விட்டு நெல்லுக்கு வருவோம். பெரியாறு, வைகைப் பாசனத்தில் வாடிப்பட்டியும் மேலூரும் நெல் விளையும் பகுதிகள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் விவசாயியிடம் பட்டாவும் அடங்கலும் கேட்கப்படும். இரண்டிலும் நிலத்தை அடையாளம் காட்டுவது புல எண். 45/2A, 12/3 என்று சாய்கோடு போட்டு உட்பிரிவு எழுதுவது வழக்கம். இப்படிப் புல எண்களை வைத்து ஒருவர் இரண்டு பட்டியலை எக்செலில் ஒப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 45/2A என்று அடித்தால் அப்படியே எழுத்தாக நிற்கும். 12/3 என்று அடித்தால், இந்தியத் தேதி அமைப்பில் எக்செல் அதை மார்ச் 12 என்று எடுத்துக்கொள்ளும். 2025-இல் அடித்திருந்தால் கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது 45728 என்ற எண். இன்னொரு பட்டியலில் 12/3 எழுத்தாகவே இருந்தால் இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. உட்பிரிவில் எழுத்து சேர்ந்த நிலத்துக்காரருக்குப் பதிவு கிடைக்கும்; எண் மட்டும் உள்ளவருக்கு “பதிவு இல்லை” என்று வரும். அவரை அந்த வாசகம் கிராம நிர்வாக அலுவலரிடம் திருப்பி அனுப்பும். அங்கே போனால் பதிவு ஒழுங்காக இருக்கும்.

இதே தேதி மாற்றம் உலக அளவில் மரபணு ஆய்வாளர்களையும் அலைக்கழித்தது. MARCH1, SEPT1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு 2020-இல் அவற்றை MARCHF1, SEPTIN1 என்று மாற்றியமைத்தது. புல எண்ணை மாற்ற முடியாது. எனவே அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வடிவில் வைத்துவிட வேண்டும். ஏற்கெனவே அடித்ததைக் கண்டுபிடிக்க `=ISTEXT(A2)` போதும். FALSE வந்த வரிகளெல்லாம் சந்தேகத்துக்குரியவை.

வெறும் எண்களிலும் இப்படி நடக்கும். விவசாயி எண் 102 ஒரு தாளில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருந்தால் VLOOKUP கிடைக்கவில்லை என்று சொல்லும். COUNTIF இந்த வேறுபாட்டைப் பார்க்காது. VLOOKUP #N/A என்றும் COUNTIF 1 என்றும் சொன்னால் குற்றவாளி எண், எழுத்து வேறுபாடுதான்.

பெயரை வைத்துத் தேடினால் தமிழ் எழுத்துக்கே உரிய இன்னொரு கண்ணி உண்டு. ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறியை ஒரே குறியாக அடிக்கலாம். எகரக் கொம்புக்குப் பின் ‘ள’ என்ற எழுத்தைத் தனியாக அடித்தும் அதே தோற்றத்தை வரவழைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று. LEN போட்டுப் பார்த்தால் சரியானதில் 4, மற்றதில் 5. ‘மல்லி’யைப் பிடித்த TRIM இதைப் பிடிக்காது. வாட்ஸ்அப்பிலிருந்தும் இணையத்திலிருந்தும் ஒட்டும்போது வரக்கூடிய CHAR(160) என்ற இடைவெளியையும் TRIM விட்டுவிடும். அதனால்தான் தேடுவதற்குப் பெயரைவிட எண் பாதுகாப்பானது. பெயரை மனிதர் படிக்கப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பொய், தேடும் எல்லையிலிருந்து வருகிறது. மேலே முதல் சூத்திரத்தில் விலைப்பட்டியல் 40-ஆவது வரியோடு நிற்கிறது. 41-ஆவது வரியில் புதிய பூவைச் சேர்த்தால் அது பட்டியலில் இருக்கும், தேடலில் இருக்காது. வரி எல்லை என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்து 2020-இல் பெரிய சாட்சியானது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனாத் தொற்றுகள் அன்றன்றைய கணக்கில் சேராமல் விடுபட்டன. 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய XLS கோப்பு அதற்குக் காரணம் என்று செய்திகள் வந்தன. விடுபட்ட வரிகள் எந்தப் பிழையையும் காட்டவில்லை. நம் தாளில் $A:$A என்று முழுப் பத்தியையும் தேடச்சொன்னது இதற்காகத்தான்.

பிழையே காட்டாத தவறுகள்

எத்தனை நல்ல வாசகம் வைத்தாலும் தேடல் வெற்றி பெற்றுத் தவறான விலையைத் தரும் இடங்களை அது தொடாது. மாட்டுத்தாவணியில் இதற்கு முதல் காரணம் நேற்றைய விலை. பட்டியலில் மல்லியை மாற்ற மறந்தால் நேற்றைய 800 எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்து உட்காரும். விலைத் தாளில் ஒரு கட்டத்தில் தேதியை எழுதி, அது வரவின் தேதியோடு ஒத்துப்போகாவிட்டால் எந்தத் தொகையும் வராதபடி செய்வதுதான் மாற்று.

இரண்டாவது, ஒரே பெயர் இருமுறை வருவது. காலையில் ஒரு விலையும் வரத்து கூடியபின் இன்னொரு விலையும் எழுதினால் VLOOKUP மேலே உள்ளதைத்தான் எடுக்கும். `=COUNTIF('விலை'!$A:$A,B2)` ஒன்றுக்கு மேல் சொன்னால் நிலைப் பத்தியில் “இரண்டு விலை உள்ளது” என்று வரவேண்டும். மூன்றாவது, VLOOKUP-இன் கடைசியில் FALSE-ஐ விட்டுவிடுவது. விட்டால் அது தோராயமாகத் தேடும். அகரவரிசையில் இல்லாத பட்டியலில் வேறு பூவின் விலையைக்கூடக் கொண்டுவந்துவிடும்.

உடைத்துப் பார்த்தால் தெரியும்

ஒரு கோப்பின் வாசகங்கள் உண்மை பேசுகின்றனவா என்று அறிய அதன் நகலை எடுத்து வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு பூவின் பெயருக்குப் பின் இடைவெளி விடுங்கள். ஒரு விலையை அழியுங்கள். ஒரு விலையில் “ரூ” சேருங்கள். பட்டியலின் கடைசியில் ஒரு பூவைச் சேர்த்துவிட்டு அதைத் தேடுங்கள். கடைசியாக விலைத் தாளையே நீக்குங்கள். முதல் இரண்டுக்கும் வெவ்வேறு வாசகம் வரவேண்டும். மூன்றாவதற்கு #VALUE! தெரியவேண்டும். நான்காவது கிடைக்கவேண்டும். ஐந்தாவதற்குத் தாள் முழுக்க #REF! நிற்கவேண்டும். இவற்றில் எதற்காவது மொத்தத் தொகை ஓர் எண்ணைக் காட்டி, அது சரியானதாக இல்லை என்றால், அந்தக் கோப்பு பிழையை விளக்கவில்லை, மறைத்திருக்கிறது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ‘மல்லி’ என்று பட்டியலில் இருக்க, வரவில் ‘மல்லிகை’ என்று அடித்தால் “பட்டியலில் இல்லை” என்றுதான் வரும். இரண்டும் ஒன்று என்று மனிதர்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு IF சேர்த்துக்கொண்டே போனால் சூத்திரம் யாருக்கும் படிக்க முடியாததாகிவிடும். அந்தக் கடையில் அடிக்கடி நடக்கும் மூன்று நான்கு காரணங்களுக்கு மட்டும் பெயர் கொடுத்தால் போதும். நமக்குக் காரணம் தெரியாத பிழை வரும்போது அதற்கு நாம் பெயர் வைக்கக்கூடாது. அந்த வரியில் #N/A-வோ #REF!-ஓ தன் முகத்தோடு நிற்கட்டும்; அதைத் தீர்த்தபின் அந்த விவசாயிக்குப் பட்டுவாடா செய்யலாம்.